இவன் நம்ம ஆளா, அவங்க ஆளா? குழம்பாமல் ஸ்பை படம் பார்க்க அக்காவின் டிப்ஸ்

ஸ்பை படம் என்றால் முதல் அரை மணி நேரம் உனக்கு ஜோராகத்தான் போகும். அப்புறம் ஆரம்பிப்பாய், "அக்கா, இவன் நம்ம ஆளா, அவங்க ஆளா?" பாதிப் படம் தாண்டினால், "செத்துப்போனவன் எப்படிக்கா திரும்ப வந்தான்?" கடைசியில் கோட்டு போட்ட ஒருத்தன் கோட்டு போட்ட இன்னொருத்தனைச் சுடுவான். அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் ரிமோட்டைத் தேடுவாய். உனக்குப் புத்தி குறைவு என்று நினைத்துக்கொள்ளாதே. படம் தேர்ந்தெடுக்கும்போது ஹீரோ யார், ரேட்டிங் எவ்வளவு, சண்டைக்காட்சி இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். இந்த வகைப் படத்துக்கு அதெல்லாம் உதவாது. ஹீரோவை விட நமக்கு அதிகம் தெரியுமா, அவனுக்குத் தெரிந்த அளவு தெரியுமா, அவனை விடக் குறைவாகத் தெரியுமா? பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஹிட்ச்காக் இதை ஓர் உதாரணத்தில் விளக்கியிருக்கிறார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரை நாள்கணக்கில் பேட்டி எடுத்தபோது சொன்னது. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேஜைக்கு அடியில் குண்டு. அது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு வைத்ததை நமக்கு முன்பே காட்டிவிட்டால், அவர்கள் பேசுகிற பதினைந்து நிமிடமும் நாம் நகம் கடித்துக்கொண்டிருப்போம். உன்னைப் போல ட்விஸ்டில் தொலைந்துபோகிறவர்கள் குண்டை முன்கூட்டியே காட்டுகிற படங்களில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "முன்னாடியே தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடுமே" என்பாய். ஆனால் அந்தப் படங்களில்தான் பயம் அதிகம்.

'ராஸி' ஞாபகம் இருக்கிறதா? 2018-இல் மேக்னா குல்சார் எடுத்தது. 1971 போருக்குச் சற்று முன், காஷ்மீர்ப் பெண் ஸெஹ்மத் ஒரு பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள், இந்தியாவுக்கு உளவு சொல்ல. அவள் யார், யாருக்கு வேலை செய்கிறாள், யார் பயிற்சி கொடுத்தார் என்பதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது அந்தப் புகுந்த வீட்டுக்காரர்களுக்குத்தான். அதனால் மாமனார் நல்லவராக நடந்துகொள்ளும்போதும், கணவன் அன்பாகப் பேசும்போதும் நமக்கு வயிற்றைப் பிசையும். பழைய வேலைக்காரர் அப்துல் சந்தேகமாக ஒரு பார்வை பார்ப்பார் பார், அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. படம் முழுக்கத் துரோகம்தான், ஆனாலும் ஒரு காட்சியில்கூட "இவ யாரோட ஆளு?" என்று நீ கேட்க மாட்டாய்.

ஜெர்மன் படமான 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' (2006) இதே ஜாதி. 1984-இன் கிழக்கு பெர்லின். ஸ்டாஸி என்ற ரகசியப் போலீஸைச் சேர்ந்த வீஸ்லர், ஒரு நாடக ஆசிரியரின் வீடு முழுக்க மைக் பதித்துவிட்டு, அதே கட்டடத்தின் மாடியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பது யார், கேட்கப்படுவது யார் என்பதில் கடைசி வரை சந்தேகமே வராது. கேட்கக் கேட்க அந்த மனிதருக்குள் என்ன ஆகிறது என்பதுதான் கதை. சீரியலாக வேண்டுமென்றால் 'தி அமெரிக்கன்ஸ்' (2013–2018). வாஷிங்டன் பக்கம் ஒரு புறநகரில் குழந்தை குட்டியோடு வாழும் தம்பதி, உண்மையில் சோவியத் உளவாளிகள். எதிர் வீட்டுக்குக் குடிவருகிறவர் எஃப்.பி.ஐ. அதிகாரி. இவ்வளவும் முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆறு சீசன். விக்கை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு ஒரு பெயரில் போய்ப் பழகுவார்கள். வாரத்துக்கு இரண்டு எபிசோட் என்று பார். பத்து நாள் விட்டால் யாரிடம் என்ன பெயர் சொன்னார்கள் என்பது மறந்துவிடும்.

அடுத்தது ஹீரோவுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும் படங்கள். 'தி போர்ன் ஐடென்டிட்டி' (2002) நல்ல உதாரணம். கடலில் மிதந்தவனை மீனவர்கள் தூக்குகிறார்கள். தான் யாரென்று அவனுக்கே தெரியாது. இடுப்பில் புதைத்திருந்த சிறு கருவியில் ஒரு ஸ்விஸ் வங்கிக் கணக்கு எண். ஜூரிக்கில் பெட்டகத்தைத் திறந்தால் அவன் படம் போட்ட பாஸ்போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் வேறு பெயர். அவன் குழம்பும்போது நாமும் குழம்பலாம், தப்பில்லை. அவனுக்குத் தெளியும்போது நமக்கும் தெளியும். ஒரே எச்சரிக்கை: போர்ன் படங்களை வரிசை மாற்றிப் பார்க்காதே. இரண்டாம் படத்தின் கடைசியில் நியூயார்க்கில் வரும் காட்சி, மூன்றாம் படத்தின் நடுவில் மறுபடி வரும். தெரியாதவர்களுக்கு அங்கே தலை சுற்றும்.

மூன்றாவது வகைதான் உன்னைப் படுத்துகிறது. ஹீரோவுக்கு எல்லாம் தெரியும், நமக்குச் சொல்ல மாட்டான். 1996-இல் வந்த முதல் 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில், லண்டனில் ஈதன் ஹன்ட் தன் சகா ஒருவரோடு உட்கார்ந்து, தங்கள் குழுவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று பேசும் காட்சி வரும். வாயால் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டே போவான். அதே நேரம் திரையில் ஓடும் காட்சிகள் வேறொருவரைக் காட்டும். அவன் பேசுவது எதிரில் இருப்பவரை நம்பவைக்க, திரையில் ஓடுவது அவன் மனதுக்குள் புரிந்துகொண்டது. சப்டைட்டிலைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு வாய்ப்பேச்சு மட்டும் பதியும், படம் பதியாது. பாதிப் பேர் அந்தப் படத்தில் தொலைவது அங்கேதான். அந்த இடம் வரும்போது வசனத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பார்.

நம்ம ஊர் 'விஸ்வரூபம்' (2013) கூட ஆரம்பத்தில் இந்த வகைதான். நியூயார்க்கில் கதக் சொல்லித்தரும் ஆள் நிஜத்தில் யார் என்று அவர் மனைவி நிருபமாவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோடௌன் சண்டையில் முகமூடி கழன்றதும் கமல் நம்மைக் காக்கவைக்காமல் ஆப்கானிஸ்தானுக்குக் கூட்டிப்போய்விடுவார். மறைப்பதில் தப்பில்லை. எவ்வளவு நேரம் மறைக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சரி, படம் பார்ப்பதற்கு முன்பே இது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடிடியில் படத்தின் பெயருக்குக் கீழே இரண்டு மூன்று வரிக் கதைச்சுருக்கம் இருக்கும். அதில் யார், யாரை, என்ன செய்யப் போகிறார் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் நம்பி உட்காரலாம். 'ஆர்கோ'வுக்கு (2012) அப்படி எழுதலாம்: தெஹ்ரானில் கனடா தூதரின் பாதுகாப்பில் ஒளிந்திருக்கும் ஆறு அமெரிக்கர்களை, சினிமா எடுக்க வந்தவர்கள் என்று பொய் சொல்லி, ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி வெளியே கொண்டுவருகிறார். நடுவில் எவன் காலை வாரினாலும் நீ ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும், ஆறு பேரும் விமானம் ஏறினார்களா? (கடைசி விமான நிலையத் துரத்தல் சினிமாவுக்காகச் சேர்த்தது, 1980-இல் நிஜத்தில் அப்படி யாரும் ஜீப்பில் துரத்தவில்லை. அதற்காக நகம் கடிக்காமல் இருக்க முடியாது.) சுருக்கத்தில் "யாரையும் நம்ப முடியாத உலகத்தில்", "எதுவும் தோன்றுவது போல் இல்லை" என்ற பாணி வரிகள் மட்டும் இருந்து, ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்பதே இல்லை என்றால், தூக்கம் வரும் ராத்திரியில் அந்தப் படத்தைத் தொடாதே.

இன்னொரு அடையாளமும் உண்டு. படம் விசாரணை அறையில் ஆரம்பித்து, மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் கேட்க, அந்தப் பக்கம் ஒருத்தர் நடந்ததைச் சொல்ல, அது ஃபிளாஷ்பேக்காக விரிந்தால் உஷாராகு. சொல்கிறவர் பொய் சொல்லலாம். அவர் பொய் சொன்னால் நாம் கண்ணால் பார்த்ததும் பொய்யாகிவிடும். 1989-இல் பெர்லின் சுவர் விழப்போகும் நாட்களில் நடக்கும் 'அடாமிக் ப்ளாண்ட்' (2017) இந்த அச்சுதான். மாடிப்படிச் சண்டை பிரமாதம். ஆனால் யார் யாருக்கு டபுள் கேம் ஆடினார்கள் என்பதைப் படம் முடிகிற நிமிடம் வரை புரட்டிக்கொண்டே இருப்பார்கள். சண்டைக்காகப் பார், கதையை நிம்மதியாக விட்டுவிடு.

கதை சிக்கலாக இருந்தாலும் குறி நகராமல் இருந்தால் உன்னால் தாக்குப்பிடிக்க முடியும். ஸ்பீல்பெர்க்கின் 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' (2015) படத்தை அதற்காகவே சிபாரிசு செய்கிறேன். கதையைக் கேட்டால் பயந்துவிடுவாய். அமெரிக்கா, சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி என்று மூன்று அரசாங்கங்கள், ஆளுக்கொரு கணக்கு. டாம் ஹாங்க்ஸ் நடித்த டோனவன் என்ற இன்ஷூரன்ஸ் வக்கீல் நடுவில் மாட்டிக்கொள்கிறார். கிழக்கு பெர்லினில் உளவாளி ஏபலின் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டமே வந்து அழும், அதை அவர் ஒரு நொடிகூட நம்ப மாட்டார். இத்தனை இருந்தும் தலை சுற்றாததற்குக் காரணம், டோனவனுக்கு வேண்டியது ஒரே கணக்கு: ஒருவரைக் கொடுத்து இரண்டு பேரை வாங்க வேண்டும். ஏபலைக் கொடுத்தால், சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 விமானத்தின் பைலட் பவர்ஸும் வர வேண்டும், மாணவன் பிரையரும் வர வேண்டும். ஒவ்வொரு பேச்சுவார்த்தை முடிந்ததும் கேட்டுக்கொள், இப்போது கையில் எத்தனை பேர்? ஒன்றா, இரண்டா? ஏபல் உளவாளிதானா என்ற கேள்வியையும் முதல் சில நிமிடங்களிலேயே முடித்துவிடுவார்கள். பார்க் பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு நாணயத்தை எடுத்துவந்து, அறையில் பிளேடால் மெல்லப் பிரித்து, உள்ளே மடித்த காகிதத்தை எடுப்பார். அதோடு சரி.

இதெல்லாம் பார்த்துப் பழகிய பிறகு 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' பக்கம் போகலாம். இந்த வகையில் தலைசுற்றலுக்குப் பெயர்போன படம். ஆனால் மடியில் கொஞ்சம் தகவல் கட்டிக்கொண்டு போனால் அதன் சுகமே தனி. ஜான் லெ காரே 1974-இல் எழுதிய நாவல். துரோகி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

கதை உண்மையில் ஒற்றை வரி. பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு கருப்பு ஆடு, ரஷ்யர்களுக்கு வேலை செய்கிறது. வேலையில் இருந்து அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியை ரகசியமாகத் திரும்ப அழைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர்தான்: அலலைன், ஹேடன், பிளாண்ட், எஸ்டர்ஹேஸ். இந்த நாலு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார். படத்தில் வேறு யார் யாரோ வருவார்கள், போவார்கள். கேள்வி எப்போதும் இந்த நாலு பேரைப் பற்றித்தான்.

2011-இல் வந்த கேரி ஓல்டுமேன் படத்தில் உன்னைக் குழப்பப்போவது துரோகமே இல்லை, காலம்தான். "ஓராண்டுக்கு முன்" என்றெல்லாம் எழுத்துப் போட மாட்டார்கள், சொல்லாமல் கொள்ளாமல் முன்னும் பின்னும் போவார்கள். இதற்கு ஒரு சாவி இருக்கிறது, ஸ்மைலியின் கண்ணாடி. வேலை போனதும் அவர் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புது ஃப்ரேம் மாட்டிக்கொள்வதை ஆரம்பத்திலேயே காட்டுவார்கள். சும்மா காட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காட்சியிலாவது அவர் முகத்தில் பழைய கண்ணாடி இருந்தால் அது ஃபிளாஷ்பேக், புதுக் கண்ணாடி இருந்தால் இப்போது நடப்பது. அதேபோல ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டி ஒன்று பல தடவை துண்டு துண்டாக வரும். கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் லெனின் முகமூடி மாட்டிய ஆளைப் பார்த்ததும் முடிவு பண்ணிக்கொள், இது பழைய கதை. அந்தப் பார்ட்டியில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதில் கண் வை.

பெயர்களிலும் மூன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'கன்ட்ரோல்' என்பது பழைய தலைவரைக் கூப்பிடும் பெயர், ஆள் ஜான் ஹர்ட். 'சர்க்கஸ்' என்பது தலைமை அலுவலகம். 'கார்லா' என்றதும் ஏதோ பெண் என்று நினைத்துவிடாதே, ரஷ்யத் தரப்பின் பெரிய ஆம்பளை, முகத்தையே காட்ட மாட்டார்கள். கன்ட்ரோலின் வீட்டில் சதுரங்கக் காய்களில் ஃபோட்டோ ஒட்டி வைத்திருப்பதை ஸ்மைலி கண்டெடுக்கும் இடம் வரும். அங்கே படத்தை நிறுத்து. ஒவ்வொரு காயிலும் இருக்கும் முகத்தைத் தாளில் எழுதிய பெயரோடு பொருத்திப் பார்த்துவிட்டு மேலே போ. ஒரு காயில் ஸ்மைலியின் முகமும் இருக்கும், கிழவர் இவரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாக, ஆரம்பத்தில் புடாபெஸ்ட் காபிக் கடையில் சுடப்பட்டு விழும் ஜிம் பிரிடோ, பிற்பாடு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வருவார். அது ஃபிளாஷ்பேக் இல்லை. ஆள் பிழைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் அத்தனையும் அடைத்திருப்பதால் மூச்சு முட்டுகிறது என்றால், 1979-இல் பிபிசி எடுத்த அலெக் கின்னஸ் தொடருக்குப் போ. அதே கதை, ஏழு எபிசோட். பழைய ஃபிலிம், மங்கின நிறம், ஆமை வேகம். உனக்கு அந்த வேகம்தான் சரி. முதல் காட்சியிலேயே ஒரு மீட்டிங் அறை, நாற்காலிகள், சந்தேகத்துக்குரிய நாலு பேரும் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்காருவார்கள். ஒருத்தர் கையில் கோப்பு, இன்னொருத்தர் கையில் சாஸரால் மூடிய டீ கப். வாய் திறக்குமுன்பே நாலு முகமும் மனதில் பதிந்துவிடும். தொடரை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்கு வந்தால் துரோகி யாரென்று தெரிந்துபோகும்தான். போகட்டும். குண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் பார்ட்டிக் காட்சியைப் பார்ப்பது இன்னும் நன்றாக இருக்கும்.

பார்க்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ் டப்பிங் இருந்தால் இந்த வகைப் படத்துக்குக் கூச்சப்படாமல் அதையே போடு. சினிமா ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பெர்லின், லண்டன் படங்களில் எல்லோரும் ஒரே நிறக் கோட்டில், ஒரே மாதிரி வழுக்கையோடு இருக்கும்போது நமக்கு முகங்களைப் பிரித்தறியவே நேரம் வேண்டும். கண் கீழே எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தால் முகம் எப்படி மனதில் நிற்கும்? டப்பிங் இல்லையென்றால் முதல் இருபது நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை பார். நடுவில் குழம்பிப் பின்னால் ஓட்டுவதை விட அது மேல். போனை வேறு அறையில் வை என்று நான் சொன்னால் அம்மா மாதிரி பேசுகிறேன் என்பாய், அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஒரே ஒரு படம் சொல்லி விட்டுவிடுகிறேன். ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த கறுப்பு வெள்ளைப் படம், 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1965). இதுவும் லெ காரே கதைதான். இதில் ஹீரோ லீமஸுக்கே தன் ஆபீஸ் தன்னை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது முழுசாகத் தெரியாது. அதனால் போர்ன் படத்தை ரசித்தவளுக்கு இது ஒத்துவரும். கிழக்கு ஜெர்மனியில் ஒரு விசாரணை மன்றக் காட்சி நீளமாகப் போகும். அங்கே ஃபீட்லர், முன்ட் என்று இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டுவார்கள், தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அந்த இடத்தில் யார் யாருடைய ஆள் என்று புரியாவிட்டால் நிறுத்தாதே, பின்னால் ஓட்டாதே, என்னைக் கூப்பிடாதே. அது முடிந்ததும் ராத்திரியில் ஒரு கார்ப் பயணம் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் உன்னைப் போலவே ஒன்றும் புரிந்திருக்காது. அவள் கேட்பாள், லீமஸ் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வான். அதைக் கேட்டுக்கொள்.